“ஞாயித்துக்கிழமை சொல்றேன்”: நிச்சயத்துக்கு முந்தைய மூன்று பேச்சுகள்

கல்யாணத்துக்கு முன்னால் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று கேட்டால் குழந்தை, எந்த ஊரில் குடியிருப்பது, பணம் என்ற மூன்றையும் இப்போது எல்லாருமே சொல்லிவிடுகிறார்கள். பலர் பேசியும் விடுகிறார்கள். ஆனால் பேசி முடித்து ஆலோசனைக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பதில்களை மட்டும்தான். “ரெண்டு குழந்தை போதும்னு சொன்னாங்க”, “எங்க வேணும்னாலும் இருக்கலாம்னு சொன்னாரு”, “பணத்துல ஒண்ணும் பிரச்சனை இல்லையாம்.” இந்தப் பதில்கள் அவ்வளவு காலம் நிற்பவை அல்ல. வேலை மாறும், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும், குழந்தை தாமதமாகும். அப்போது பழைய பதிலைத் தூக்கிக்கொண்டு வந்து “அன்னைக்கு இப்படிச் சொன்னீங்களே” என்று கேட்பதில் பலன் இல்லை. கடினமான ஒரு விஷயத்தை முன்னால் வைத்தால் அந்த ஆள் என்ன செய்கிறார் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. குடும்ப ஆலோசனை வேலையில் நான் கவனிக்கச் சொல்வது அதைத்தான்.

இங்கே எழுதுவது கன்னியாகுமரி மாவட்டத்து ஜோடி ஒன்றின் கதை. இருவரின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பெண் அனிஷா, பையன் பிபின் என்று வைத்துக்கொள்வோம்.

பின்னணி

அனிஷாவுக்கு 27 வயது. தக்கலைப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்க வழியில்லாத வேலை அது. சென்னைக்குப் போக வேண்டுமென்றால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டைப் புதுப்பிக்க அப்பா வாங்கிய கடனுக்கு மாதம் 9,000 ரூபாய் தவணையை அவள்தான் கட்டி வருகிறாள். பிபினுக்கு 30 வயது, குலசேகரம் பக்கம் வீடு. சென்னையில் மென்பொருள் சோதனை வேலை, கையில் கிடைக்கும் சம்பளம் 55,000 ரூபாய். வீட்டில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. சொந்தக்காரர் மூலம் வந்த சம்பந்தம். மே மாதம் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போனது. இரண்டு வீட்டிலும் போனில் பேச அனுமதித்தார்கள். ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்பது பெரியவர்களின் கணக்கு.

நம் ஊரில் ‘ஆரம்பத்திலேயே’ என்றால் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண் பார்த்ததற்கும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கும் இடையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நாள்தான் அது. முன்பணம் கொடுத்த பிறகு, பவுன் எடுத்த பிறகு, சொந்தபந்தங்களுக்குச் சொல்லிவிட்ட பிறகு, மனதில் ஒரு சந்தேகம் வந்தால்கூட அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. ஒவ்வொரு செலவும் பின்வாங்கும் வழியை இன்னும் கொஞ்சம் அடைக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு எடுக்காமலேயே முடிவு ஆகிவிடும். ஆதலால் பெண்ணோ பையனோ என்னிடம் முதலில் கேட்பது “எப்படிப் பேசுறது” என்பதாக இருந்தாலும், நான் முதலில் கேட்பது மண்டபத்துக்குப் பணம் கொடுத்தாச்சா என்பதைத்தான். இவர்கள் விஷயத்தில் கொடுக்கவில்லை.

முதல் பேச்சு: ஊர்

அனிஷா என்னிடம் வந்தது ஜூன் கடைசியில். “அக்கா, அவரு பேச்சை மாத்துறாரு. எதையும் நேரா சொல்ல மாட்டேங்காரு” என்றாள். என்ன கேட்டாய், எந்த வார்த்தையில் கேட்டாய் என்று விசாரித்தேன். அவள் கேட்டது இதுதான்: “நீங்க சென்னையை விட்டு வரவே மாட்டீங்க இல்லியா? நான்தான் வேலையை விடணும், அப்படித்தானே?” அவன், “அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அந்த வாரமே அவள் மறுபடி மறுபடி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் பதில் சுருங்கியது. கடைசியில் போனையே தாமதமாக எடுக்க ஆரம்பித்தான்.

ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவதும், ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் வேகமாகத் துரத்துவதும் தம்பதிகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் சுற்று. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சுற்றுக்குள் நின்றுகொண்டு பார்த்தால், எதிராளி ஒதுங்குவது அவருடைய குணமா, கேட்ட விதத்தின் விளைவா என்று சொல்லவே முடியாது. அனிஷா கேட்டது கேள்வி மாதிரி இருந்தாலும் தீர்ப்பு அதற்குள்ளேயே இருந்தது. ‘ஆமா’ என்றால் சுயநலக்காரன், ‘இல்ல’ என்றால் அந்த நிமிடமே வேலையை விடுவதாக வாக்கு. ஓரளவு நல்லவனும் அங்கே நழுவத்தான் பார்ப்பான்.

ஜான் காட்மன், சிபில் கரேர் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதிதாகக் கல்யாணமான 124 ஜோடிகளை ஒரு கருத்து வேறுபாடு பற்றிப் பேசவைத்துப் பதிவுசெய்தார்கள். அதன் முதல் மூன்று நிமிடத்தில் தெரிந்த கோபமும் கனிவும், அடுத்த ஆறு வருடத்தில் யார் யார் பிரிந்தார்கள் என்பதோடு ஒத்துப்போயின. அமெரிக்காவில், ஆய்வுக்கூடத்தில், ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களிடம் செய்தது. பெண் பார்த்த கையோடு போனில் பேசும் நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: தொடங்கும் விதம் கரடுமுரடாக இருந்தால், அதற்கு வரும் எதிர்வினையை வைத்து ஆளை எடைபோடாதே.

ஆகவே பேச்சைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். பொருளை மாற்ற வேண்டாம், கேட்கும் விதத்தை மட்டும் மாற்றினால் போதும். போனில் அல்லாமல் நேரில். அன்றைக்கு அந்த ஒரு விஷயம் மட்டும். ‘நீங்க’ என்று ஆரம்பிக்காமல் தன் பயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜூலை முதல் வாரம் பிபின் ஊருக்கு வந்தபோது, சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனார்கள். சித்தி மகள் பாலத்தின் அந்தப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அனிஷா சொன்னாள்: “எனக்கு இந்த வேலையை விடுறதுல பயம் இருக்கு. விட்டா திரும்பக் கிடைக்காது. இதை எப்படி யோசிக்கலாம்னு உங்ககிட்ட கேக்கணும்னு நெனச்சேன்.”

அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய அனிஷாவாக இருந்தால் அந்த இடைவெளியில் இன்னொரு கேள்வியைப் போட்டிருப்பாள். அன்று பொறுத்தாள். அப்புறம் அவன் கேட்டான்: “விட்டா திரும்பக் கிடைக்கவே கிடைக்காதா?” அவள் சங்கத்தில் ஆள் எடுக்கும் முறையை விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு உடனே சொல்லத் தெரியல. யோசிக்கணும். ஞாயித்துக்கிழமை சொல்றேன்” என்றான்.

அனிஷா அன்று இரவு எனக்கு அனுப்பிய செய்தியில் ஏமாற்றம்தான் இருந்தது. பதில் கிடைக்கவில்லையே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் அவள் நிலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். நழுவுகிறவர் கேள்வி கேட்பதில்லை, விஷயத்தை மூடத்தான் பார்ப்பார். ‘அப்புறம் பாக்கலாம்’ என்பதற்குப் பதிலாக ஒரு நாளைச் சொன்னான். இந்த இரண்டும் நல்ல அறிகுறிகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் முழுசாகத் தெரியும். அவள் ஞாபகப்படுத்தக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான். மேலாளரிடம் பேசியிருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வந்தே ஆக வேண்டும், முழுதாக வீட்டிலிருந்து வேலை கிடையாது. ஆனால் அவர்கள் கம்பெனிக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கிளை உண்டு. மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. அது கிடைத்தால் குழித்துறையில் ரயில் ஏறி தினமும் போய் வரலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது தனக்கு இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னான்.

முடிவு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எனக்கு இது ‘நீ எங்க சொல்றியோ அங்க இருக்கலாம்’ என்று அங்கேயே சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் நம்பிக்கையைவிடப் பெரிது. உடனே வரும் முழுச் சம்மதத்தை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். வேலை, வாடகை, பெற்றோர் என்று இத்தனை சிக்கல் உள்ள விஷயத்துக்கு ஒரு நொடியில் சரி சொல்கிறவர், ஒன்று அதை யோசிக்கவில்லை, இல்லாவிட்டால் பேச்சு முடிந்தால் போதும் என்று நினைக்கிறார்.

இரண்டாம் பேச்சு: பணம்

இது நடந்தது ஜூலை நடுவில். இந்த முறை அனிஷா தொடங்கிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் கணக்கை முதலில் வைத்தாள். சம்பளம் எவ்வளவு, தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் பாக்கி, கல்யாணத்துக்குப் பிறகும் அதைத் தான்தான் கட்ட வேண்டியிருக்கும் என்பது. பிறகு, “உங்க பக்கம் எப்படி?” என்று கேட்டாள். வீட்டில் தனக்குப் போடும் நகையை யார் பெயரில் லாக்கர் எடுத்து வைப்பது என்பதையும் கேட்டாள்.

பிபின் சிரித்தான். “சம்பளம் எல்லாம் அம்மைதான் பாக்காங்க. எனக்குக் கணக்கு ஒண்ணும் தெரியாது.” அப்புறம் சற்று மாறிய குரலில், “கல்யாணத்துக்கு அப்புறமும் உங்க வீட்டுக்கு நீ கட்டணுமா?” என்றான். நகைக் கேள்விக்குப் பதில் இல்லை. பேச்சு அத்தோடு நின்றது.

இதுவரை நடந்தது சுமாரான எதிர்வினை, அவ்வளவுதான். பணம் என்றதும் முகம் மாறாதவர்கள் குறைவு. பெரிய விஷயம் அடுத்த நாள் நடந்தது. பிபினின் அம்மா அனிஷாவின் அம்மாவுக்குப் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, “பொண்ணு இப்பவே கணக்கு கேக்க ஆரம்பிச்சிட்டா போலயே. நகையை எங்க வைக்கணும்னு இப்பவே முடிவு பண்ணணுமாம்” என்றார். அனிஷாவின் அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்று சாயந்தரம் மகளுக்கு நல்ல திட்டு.

இந்த மூன்று விஷயங்களையும் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைக் கவனிக்கச் சொல்லி எல்லாரும் எழுதுகிறார்கள். நம் ஊரில் அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பேசிய பேச்சு அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பது. இரண்டு பேருக்குள் பேசியது அடுத்த நாள் மாமியார் வாயிலிருந்து வந்தால், அந்த வீட்டில் கணவன் மனைவிக்கு என்று தனியாக ஒரு இடம் இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். பின்னாளில் மருத்துவர் சொன்னதும், படுக்கையறைப் பிணக்கும், அவள் அழுததும் அதே வழியில் வெளியே போகும்.

ஆனால் ஏன் போனது என்பதில் இரண்டு விதமான விளக்கத்துக்கு இடமிருந்தது. அம்மா சொல்லாமல் மூச்சு விடாதவன் என்பது ஒன்று. மற்றதற்கு ரப்பர் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மழை நாளில் மரத்தில் பட்டை நனைந்தால் பால்வெட்டு நடக்காது. இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சிலும் வெட்டை நிறுத்துவார்கள். ஒரு வருடத்தில் இத்தனை மாதம் வருமானம் சுருங்கிப்போகும் வீட்டில், மாதாமாதம் தவறாமல் வரும் பணம் மகன் சம்பளம் மட்டும்தான். அதை வைத்துத்தான் அந்த அம்மா சீட்டு கட்டி, மகளுக்கு வைத்த நகைக் கடனைத் திருப்பி, வீட்டை ஓட்டி வருகிறார். அந்த மாதம் தோட்டத்தில் வெட்டு நின்றிருந்தது. ‘மருமகளாக வரப்போகிறவள் கணக்கு கேட்கிறாள்’ என்பது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது அவர் செய்ததைச் சரியாக்கிவிடாது. ஆனால் பிபினின் சிரிப்பிலும் ‘எனக்குத் தெரியாது’ என்பதிலும் அசட்டை மட்டுமா இருந்தது, வீட்டு நிலைமையைச் சொல்ல வெட்கமும் இருந்ததா என்ற கேள்வியைத் திறந்துவிடுகிறது.

நகை பற்றி அனிஷா கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பெண்ணுக்குப் பரிசாக வரும் நகை அவளுக்கே உரிய சொத்து. கணவனுக்கோ மாமியாருக்கோ அதில் உரிமை கிடையாது. 2024இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் தெளிவாகச் சொன்னது. கணவன் நெருக்கடி நேரத்தில் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை அவனுக்கு உண்டு. அந்த வழக்கிலும் நகை பத்திரமாக இருக்கட்டும் என்று முதல் இரவிலேயே வாங்கப்பட்டதாகத்தான் மனைவியின் புகார் இருந்தது. ஆதலால் லாக்கர் யார் பெயரில் என்பது கல்யாணத்துக்கு முன்னால் கேட்கத் தகுந்த கேள்விதான்.

பேச்சு வெளியே போனதை அவனிடம் நேராகச் சொல்லச் சொன்னேன். குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டாம், நடந்ததையும் அது தனக்கு என்ன செய்தது என்பதையும் மட்டும் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள்: “நாம பேசினது எனக்க அம்மைக்கு உங்க அம்மை வாயில இருந்து வந்துச்சு. இனி உங்ககிட்ட எதையும் சொல்ல எனக்குப் பயமா இருக்கு.”

அவனுடைய முதல் பதில் தற்காப்பு: “அம்மை கேட்டாங்க, சொன்னேன். இதுல என்ன இருக்கு?” அனிஷா வாதாடவில்லை. “எனக்கு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தற்காப்பு வந்ததாலேயே ஆளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. குற்றம் சுட்டப்பட்டால் முதலில் எழுவது பெரும்பாலும் அதுதான். அதற்கு அடுத்து என்ன வருகிறது என்பதற்கு இரண்டு மூன்று நாள் இடம் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பிபின் கூப்பிட்டான். “நான் அம்மைகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. அது நமக்குள்ள பேசினது” என்றான். இது வெறும் வார்த்தையாக இருந்திருந்தால் நான் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வந்து, அம்மாவிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு அனுப்புகிறான், அது எங்கெங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறான். முப்பது வயதில் தன் சம்பளக் கணக்கை அவன் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். வீட்டுக்குப் போவது 25,000. அதில் சீட்டு 5,000, தங்கையின் நகைக் கடன் வட்டியும் அசலுமாக 8,000, மீதி வீட்டுச் செலவு. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனிஷாவுக்கு அனுப்பினான். கூடவே, “உனக்க லோனை நீ கட்டுறதுல எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. நானும் வீட்டுக்கு அனுப்பத்தான் செய்யேன்” என்று ஒரு வரி.

தான் செய்கிற அதே காரியத்தை அவள் செய்யும்போது மட்டும் ஏன் உறுத்தியது என்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்ன வரி அது. அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை பிடிக்கவில்லை. சில வாரம் அனிஷாவிடம் பேசவே இல்லை. பிபின் அதை மறைக்காமல் சொன்னான். ‘அம்மையிடம் நான் பேசுகேன், நீ பேச வேண்டாம்’ என்றும் சொன்னான். தன் வீட்டாரிடம் பேச வேண்டியதைத் தானே பேசுவது என்ற அந்த ஏற்பாடு இன்றைக்கும் அவர்களிடம் இருக்கிறது.

மூன்றாம் பேச்சு: குழந்தை

அனிஷா இதைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை, சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகலாம், சிகிச்சை தேவைப்படலாம் என்றும் விளக்கியிருந்தார். நிச்சயத்துக்கு முன் பிபினிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் முடிவு. பணப் பேச்சு வெளியே போனவுடன், இதை இப்போது சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அந்தச் சமயத்தில் அது இரண்டு நாளில் ஊர்ப்பேச்சு ஆகியிருக்கும். நிச்சயத்தைத் தள்ளிப்போடச் சொல்லி அவள் வீட்டில் கேட்டாள். அப்பாவுக்குக் கோபம், மண்டபம் கிடைக்காது என்று புலம்பல். அப்படியும் ஆவணி ஐப்பசியானது.

பிபினைச் சோதித்துப் பார்க்க ஒரு பொய் ரகசியத்தைச் சொல்லி, அது வெளியே வருகிறதா பார்க்கலாமா என்று அனிஷாவின் தோழி யோசனை சொன்னாளாம். அதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். பொறிவைத்துப் பிடித்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு யாரும் குடும்பம் நடத்த முடியாது. பின்னால் அவனுக்குத் தெரிந்தால் அவன் காயப்படுவதும் நியாயமாகிவிடும். அதற்குத் தேவையும் இல்லை. இரண்டு மாதம் பேசினால் உண்மையான சின்னச் சின்ன விஷயங்கள் தானாக வரும். தம்பியோடு சண்டை, அலுவலகத்தில் ஒரு மனக்கசப்பு. அவை எங்கும் போகவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

செப்டம்பர் கடைசியில் சொன்னாள். அவன் உடனே, “அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல” என்றான். ஆறுதல்தான், ஆனால் ரொம்ப வேகமாக வந்த ஆறுதல். எத்தனை குழந்தை வேண்டும் என்ற கேள்வியில் யாரும் தடுமாறுவதில்லை. அதனால்தான் அதற்கு வரும் பதிலில் ஒன்றும் தெரிவதில்லை. அனிஷா கேட்டது வேறு: “ஒரு வருஷம் ஆகியும் ஒண்ணும் இல்லேன்னு வைங்க. உங்க அம்மை எங்கிட்ட கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? டாக்டர் உங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னா எடுப்பீங்களா?”

ஒரு வருடம் என்பதை அவள் சும்மா சொல்லவில்லை. கருத்தடை இல்லாமல் 12 மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஏறக்குறைய பாதி ஜோடிகளில் ஆண் பக்கத்துக் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கும். ஆணுக்கான முதல் பரிசோதனை விந்தணுப் பரிசோதனைதான், பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளைவிட எளிது. அப்படியிருந்தும் பெண்ணை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலையவிட்டு, பையன் ஒரு தடவைகூடப் போகாமல் வருடங்கள் ஓடிய வீடுகளை எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி அங்கேதான் குத்தும்.

பிபின் அமைதியாகிவிட்டான். பிறகு சொன்னது: “டெஸ்ட் எடுக்கேன். அம்மை கேட்டா என்ன சொல்லணும்னு எனக்கு இப்ப தெரியல. பயமாத்தான் இருக்கு.” அன்று இரவு இன்னொரு செய்தி அனுப்பினான்: “இதை எங்க வீட்டுல சொல்லணுமா? சொல்லணும்னா எப்போ, யாரு சொல்லணும்? நீ சொல்றபடி செய்யலாம்.”

ஜூலையில் கேட்காமலே எடுத்துக்கொண்டுபோய்ச் சொன்னவன், செப்டம்பரில் அனுமதி கேட்கிறான். மொத்த நிகழ்விலும் எனக்கு அதிகம் பொருட்படுத்தத் தோன்றியது இந்தச் செய்திதான். ‘பயமாத்தான் இருக்கு’ என்பதை அனிஷா முதலில் தயக்கமாக எடுத்துக்கொண்டாள். தயக்கம்தான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்ட தயக்கம். அதோடு உட்கார்ந்து பேசலாம். அக்டோபரில் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

இதில் தெரியாமல் போவது

நிச்சயத்துக்கு முந்தைய மாதங்களில் எல்லாரும் கொஞ்சம் நல்ல சட்டையோடுதான் இருப்பார்கள். பிபின் சென்னையில், அனிஷா ஊரில். அவன் தூக்கம் கெட்டால், கையில் காசு தீர்ந்தால், உடம்பு சரியில்லாமல் கிடந்தால் எப்படி நடந்துகொள்வான் என்பது இந்த மூன்று பேச்சிலும் தெரியாது. எதிர்வினை நன்றாக இருந்தாலும் விருப்பங்கள் ஒத்துவராமல் போகலாம். ஒருவருக்குக் குழந்தையே வேண்டாம், மற்றவருக்கு வேண்டும் என்றால், எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் அதற்கு நடுவழி கிடையாது. அப்போது மரியாதையாகப் பிரிவதே நல்லது.

இன்னொன்று, சில எதிர்வினைகளுக்கு இரண்டாம் வாய்ப்பு, பொறுத்துப் பார்ப்பது என்ற கணக்கே கிடையாது. கேள்வி கேட்டதற்காக மிரட்டுவது, பொருளைத் தூக்கி எறிவது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, ‘உன் அப்பன் பேரைக் கெடுத்துடுவேன்’ என்பது, வேலையை விட்டால்தான் கல்யாணம் என்பது, சம்பள அட்டையை இப்போதே கேட்பது இவையெல்லாம் அந்த வகை. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சேர்த்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இது தெரிந்தால், மென்மையாகப் பேசிப் பார் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். மிரட்டல் தொடர்ந்தால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு

ஐப்பசியில் நிச்சயம், அடுத்த தையில் கல்யாணம். அனிஷா பெயரில் தக்கலையில் லாக்கர் எடுத்தார்கள், சாவி அவளிடம். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, இரண்டு பேரும் சம்பளத்தில் ஒரே விகிதத்தைப் போடுகிறார்கள். அவள் தவணையும் அவன் வீட்டுக்கு அனுப்புவதும் அவரவர் தனிக் கணக்கிலிருந்து போகின்றன. தங்கையின் நகைக் கடன் தீர்ந்ததும் அனுப்பும் தொகையைக் குறைப்பதாக பிபின் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். அம்மா இப்போது அனிஷாவிடம் பேசுகிறார், அளந்துதான்.

டெக்னோபார்க் மாற்றல் கிடைக்கவில்லை. அனிஷா வேலையை விடவில்லை. அவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயில் ஏறி வருகிறான், களைத்துப்போய் வருகிறான், சண்டையும் வருகிறது. போன மாதம் இந்தப் பேச்சைத் திரும்ப எடுத்தது பிபின்தான். சென்னை வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சம்பளம் குறைந்த வேலை தேடலாமா, வீட்டுக்கு அனுப்பும் தொகைக்கு அப்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறான். அனிஷா பதில் சொல்ல ஒரு வாரம் கேட்டிருக்கிறாள். அவள் தவணை முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது, அதை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.